அதுட வாலுக்கு மேல்கொமா எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆங்கிலம் படிப்பிக்கிற ஆசிரியர்களும், வீட்டில் பிள்ளைகளின் கொப்பியைப் பார்க்கிற உம்மா வாப்பாமாரும் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

போன மாதம் வட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு படம் சுற்றியது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு தம்பி சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை திறந்து, ஆங்கிலத்திலும் ஒரு பலகை போட்டிருந்தார். ருசியைப் பற்றிய அந்த வரியில் its என்று வர வேண்டிய இடத்தில் it's என்று இருந்தது. அதற்கு எத்தனை சிரிப்பு முகங்கள்! "இவருக்கு யார் இங்கிலீஷ் படிப்பிச்ச?" என்றும் ஒருவர் கேட்டிருந்தார்.

அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. படிப்பித்தது நாங்கள்தான், ஆசிரியர்கள். அந்தத் தம்பி எழுதியது கவனக்குறைவால் வந்ததில்லை. நாங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுத்த ஒரு விதியை அவர் நேர்மையாகப் பின்பற்றியிருக்கிறார். பிழை அந்த விதியைச் சொல்லும் முறையில் இருக்கிறது. அதை மாற்ற வேண்டும் என்பதுதான் எங்கள் கருத்து.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. its என்றால் அதன், அதனுடைய. it's என்றால் it is அல்லது it has என்ற இரண்டு சொற்களின் சுருக்கம். தலைமாட்டில் போடும் அந்தக் கொக்கிக்கு அப்பொஸ்ட்ரொபி என்று பெயர். எங்கள் பிள்ளைகள் மேல்கொமா என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்வோம். இரண்டு சொல்லுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான். காது உதவாது, கண்தான் பிரித்தறிய வேண்டும்.

இனி, வகுப்பில் நடப்பது என்ன? "உடைமையைக் காட்ட மேல்கொமாவும் எஸ்ஸும் போடுங்கள்" என்று கரும்பலகையில் எழுதுகிறோம். நாயின் வால் என்றால் dog's, கமலாவின் பை என்றால் Kamala's. பிள்ளை கொப்பியில் பதிந்துகொள்கிறது. அடுத்த வாரம் "அதன் வால்" என்று எழுத வருகிறது. உடைமைதானே? எஸ் இருக்கிறதுதானே? மேல்கொமாவைப் போட்டு it's என்று எழுதுகிறது. நாங்கள் சிவப்பு மையால் வெட்டுகிறோம். பிள்ளை யோசித்தது சரி, எழுதியது பிழை. ஏன் வெட்டினோம் என்று அதற்கு விளங்குவதே இல்லை.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சுமையும் இருக்கிறது. அது அவர்கள் வீட்டில் பேசும் மொழியிலிருந்து வருகிறது. லயத்துப் பிள்ளை "நாயோட வாலு, அதோட வாலு" என்று சொல்லும். எங்கள் முஸ்லிம் பிள்ளை "நாய்ட வால், அதுட வால்" என்று சொல்லும். பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளை "பல்லாகே, ஊகே" என்று சொல்லும். மூன்றையும் உற்றுப் பாருங்கள். நாய்க்கு ஒட்டுகிற அதே ஒட்டுத்தான் அதுக்கும் ஒட்டுகிறது. ஓட என்றால் இரண்டுக்கும் ஓட, ட என்றால் இரண்டுக்கும் ட, கே என்றால் இரண்டுக்கும் கே. பெயர்ச்சொல்லுக்கு ஒரு சட்டம், அதற்குப் பதிலாக வரும் சொல்லுக்கு இன்னொரு சட்டம் என்ற வேறுபாடு இந்தப் பிள்ளைகளின் காதில் கிடையாது. அப்படியிருக்க dog's என்று பழகிய கை it's என்று எழுதாமல் வேறு எதை எழுதும்?

ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு இருக்கிறது. பெயர்ச்சொல்லுக்குத்தான் மேல்கொமாவும் எஸ்ஸும் ஒட்டும். நான், நீ, அவன், அவள், அது போன்ற சொற்களுக்கு ஒட்டுப் போடுவதில்லை, அவற்றுக்கு முழுசாக வேறொரு சொல் இருக்கிறது. I என்பதற்கு my, you என்பதற்கு your, he என்பதற்கு his, she என்பதற்கு her, we என்பதற்கு our, they என்பதற்கு their. இந்த வரிசையில் ஒன்றிலாவது மேல்கொமா உண்டா? இல்லை. his என்பதை hi's என்று எழுதிய பிள்ளையை நாங்கள் கண்டதில்லை. அந்த வரிசையில் நிற்கிற ஏழாவது ஆள்தான் its. அது நாய்க்குச் சொந்தக்காரன் இல்லை, his என்பதற்குத் தம்பி.

பிறகு ஏன் இது மட்டும் குழப்புகிறது? மற்ற ஆறும் உருவம் மாறிவிடுகின்றன. I எங்கே, my எங்கே! its மட்டும்தான் it என்பதோடு ஒரு எஸ் ஒட்டின மாதிரியே தெரிகிறது. உண்மையில் அது ஒட்டியே பிறந்த சொல்தான். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் ஆர்வமாகக் கேட்பார்கள், சுருக்கமாக இங்கே சொல்கிறோம்.

பழைய ஆங்கிலத்தில் "அவனுடைய" என்பதற்கும் "அதனுடைய" என்பதற்கும் ஒரே சொல்தான் இருந்தது: his. மரத்தின் கிளைக்கும் his, மனிதனின் கைக்கும் his. காலப்போக்கில் உயிரற்ற பொருளுக்கு "அவனுடைய" என்று சொல்வது ஆங்கிலேயருக்கே ஒருமாதிரி இருந்திருக்கிறது. 1500களின் கடைசியில்தான் it என்பதோடு எஸ்ஸைச் சேர்த்து ஒரு புதுச் சொல் எழுத்தில் தலைகாட்டுகிறது. 1611இல் அச்சான புகழ்பெற்ற ஆங்கில பைபிளில்கூட இந்தச் சொல் இல்லை. லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரத்தில் ஒரேயோர் இடத்தில் இன்று its என்று காண்கிறோம். முதல் அச்சில் அங்கே வெறும் it என்றுதான் இருந்தது, பின்னால் வந்த பதிப்புகளில் திருத்தினார்கள். அவ்வளவு புதுச் சொல் இது.

புதிதாக ஒட்டிய சொல் என்பதால், ஆரம்பத்தில் பலர் அதை மேல்கொமாவோடுதான் எழுதினார்கள். ஆம், "அதனுடைய" என்ற பொருளிலேயே it's என்று எழுதினார்கள். இருநூறு வருடம் போல இந்த வழக்கம் இருந்தது. சான்று வேண்டுமா? 1787இல் கையால் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் மூலப்பிரதியைப் பாருங்கள். முதலாம் உறுப்புரையின் பத்தாம் பிரிவில், ஒரு மாநிலம் தன்னுடைய பரிசோதனைச் சட்டங்களை நடைமுறைப்படுத்துவது பற்றி வரும் இடத்தில் it's என்றே இருக்கிறது. பலகையில் அந்தத் தம்பி போட்ட அதே மேல்கொமா.

அதே காலத்தில் it is என்பதன் சுருக்கமாக 'tis என்ற வடிவமும் பெருவழக்காக இருந்தது. மெல்ல மெல்ல அது பழையதாகிப் போக, அந்த வேலைக்கு it's வந்து நிலைத்தது. ஒரே உருவம் இரண்டு வேலையும் பார்த்தது. 1800களில் அச்சாளர்களும் இலக்கண நூல்களும் வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள்: சுருக்கத்துக்கு மேல்கொமா, உடைமைக்கு மேல்கொமா இல்லை. his, hers, ours, theirs எல்லாம் மேல்கொமா இல்லாமல் நிற்கிற வரிசையில் its என்பதையும் நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து அதுதான் சட்டம்.

இதைச் சொல்வதால் "அப்ப எப்படி எழுதினாலும் சரிதானே" என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றைக்கு எழுதும்போது இன்றைய வழக்கத்தைத்தான் எழுத வேண்டும். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்வோம். இது பொருள் குழம்பாமல் இருக்கப் போட்ட வேலி இல்லை. dog's என்ற சொல் "நாயின்" என்றும் வரும், "நாய் இருக்கிறது" என்பதன் சுருக்கமாகவும் வரும். இரண்டுக்கும் ஒரே எழுத்து, யாருக்கும் குழப்பம் வருவதில்லை. it's விஷயத்திலும் அப்படித்தான், அந்தப் பலகையை வாசித்த எல்லாருக்கும் பொருள் விளங்கியது. விளங்கியதால்தான் சிரித்தார்கள்.

அப்படியானால் பிள்ளைக்கு இதில் என்ன நட்டம்? வாசிக்கிறவர் எழுதியவரை எடைபோடுகிறார், அதுதான் நட்டம். வேலைக்கு அனுப்பிய ஒரு விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே இது இருந்தால், "இவருக்கு ஆங்கிலம் வராது" என்று சிலர் அங்கேயே முடிவு கட்டிவிடுவார்கள். நகரத்துப் பிள்ளைக்கு இதைத் திருத்திவிட வீட்டில் ஓர் ஆள் இருக்கும். கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மாவிடம் அந்தப் பிள்ளை எதைக் கேட்கும்? பாடசாலையில் கிடைத்தால் கிடைத்தது, இல்லாவிட்டால் இல்லை. கைபேசியும் காப்பாற்றாது. இரண்டும் சரியான சொற்கள் என்பதால் சாதாரண எழுத்துத் திருத்தி பிழை காட்டாது, சில நேரம் நாங்கள் சரியாகப் போட்டதையே மாற்றியும் விடும்.

சரி, என்ன செய்யலாம்?

முதலாவது, வரிசையை மாற்ற வேண்டும். its என்பதை மேல்கொமாப் பாடத்தில் படிப்பிக்கவே கூடாது. my, your, his, her படிப்பிக்கிற அன்றைக்கே its என்பதையும் அந்த வரிசையில் வைத்துப் படிப்பிக்க வேண்டும். பிள்ளை அதை ஒரு முழுச் சொல்லாக, எழுதி எழுதிப் பழகட்டும். சில வாரம் கழித்து dog's வரட்டும். it's என்பதை I'm, he's, don't என்ற சுருக்கங்களோடு வேறொரு நாளில் வைத்துக்கொள்வோம். நாங்கள் செய்வது என்ன? its, it's இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "இதோ வித்தியாசம், குழம்பாதீர்கள்" என்கிறோம். குழம்பாத பிள்ளையும் அன்றைக்குத்தான் குழம்பத் தொடங்கும். ஒரே மாதிரித் தெரிகிற இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால் எது எது என்பது மனதில் தங்காது.

இரண்டாவது, பரீட்சித்துப் பார்க்கும் வழியை எங்கள் பிள்ளைகளுக்கு ஏற்றமாதிரி மாற்ற வேண்டும். புத்தகங்களில் சொல்வது, "it is என்று விரித்துப் பாருங்கள், பொருந்தாவிட்டால் its" என்பது. ஆங்கிலம் காதில் ஊறினவருக்கு அது நல்ல வழி. தமிழில் "அது ஒரு பூனை" என்று சொல்லும்போது is என்பதற்குச் சமமான சொல்லே வருவதில்லை. ஆகவே it is tail என்று விரித்தால் அது பிழையாக ஒலிக்கிறது என்பது எங்கள் பிள்ளையின் காதுக்குப் படாது. தலையாட்டிவிட்டுப் போகும்.

அதனால் மறுபக்கமாகக் கேட்போம். அந்த இடத்தில் "அதுட" அல்லது "அதோட" என்று போட்டுப் பார்க்கச் சொல்வோம். பொருந்தினால் its. பொருந்தாவிட்டால் it's. அவ்வளவுதான்.

துன்ஹிந்தவைப் பற்றி ஒரு தரம் 8 பிள்ளை எழுதுவதாக வைத்து இதைச் செய்து பார்ப்போம். முதல் வசனம், அது பதுளைக்குக் கிட்ட இருக்கிறது. "அதுட பதுளைக்குக் கிட்ட" என்று யாரும் சொல்வோமா? இல்லை. அப்ப it's. இரண்டாவது, அதன் உயரம் 64 மீற்றர். "அதுட உயரம்" பொருந்துகிறது, அப்ப its. மூன்றாவது, காலையிலிருந்து மழை பெய்கிறது, அதாவது it's been raining. இங்கே "அதுட" எங்கேயும் நுழையாது, அப்ப it's. இது it has என்பதன் சுருக்கம் என்று பிறகு விளக்கலாம், எழுதுவதற்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. நாலாவது, மழையால் தண்ணீர் அதன் நிறத்தை இழந்துவிட்டது: it's lost its colour. ஒரே வசனத்தில் இரண்டும் வருகின்றன. நிறத்துக்கு முன்னால் "அதுட" பொருந்துகிறது, இழந்ததுக்கு முன்னால் பொருந்தவில்லை. பிள்ளைக்கு விளங்கிவிட்டதா என்று பார்க்க இந்த நாலாவது வசனம் ஒன்றே போதும்.

இதில் ஒரு பொறி உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த சொல்லை மட்டும் பார்த்து முடிவெடுக்கக்கூடாது. its long tail என்பதிலும் it's long என்பதிலும் அடுத்த சொல் ஒன்றுதான். முதலாவதில் நீளமான ஏதோ ஒரு பொருள் பின்னால் வருகிறது, இரண்டாவதில் வசனம் அங்கேயே முடிகிறது. ஆகவே கடைசிச் சொல் வரை வாசித்துவிட்டுத்தான் "அதுட" போட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கொப்பி திருத்தும்போது வெட்டிவிட்டு மட்டும் போகாமல், பிழை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு அதே கொப்பியில் இன்னும் இரண்டு பக்கம் புரட்டினால் போதும். உடைமைக்கு it's என்று எழுதிய பிள்ளை, வேறு இடத்தில் your's, her's என்றும் எழுதியிருக்கிறதா? அப்படியானால் அந்தப் பிள்ளை உடைமை விதியை எல்லா இடத்துக்கும் நீட்டியிருக்கிறது. அதற்கு his வரிசையைத் திரும்பக் காட்ட வேண்டும். இன்னொரு பிள்ளை எல்லா இடத்திலும் its என்றே எழுதும். அதன் கொப்பியில் dont, cant என்று மேல்கொமா இல்லாமல் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு உடைமை ஒரு பிரச்சினையே இல்லை, சுருக்கத்தில் விழுந்த எழுத்தின் இடத்தில்தான் மேல்கொமா வரும் என்பது பதியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே சிவப்புக் கோட்டைப் போட்டு, ஒரே விதியைச் சொன்னால், முதலாமவர் குழம்புவார், இரண்டாமவர் எல்லாவற்றுக்கும் மேல்கொமா போடத் தொடங்குவார்.

கடைசியாக, மூத்த வகுப்புக்கு ஒரு வார்த்தை. "பதிலுக்கு வரும் சொற்களில் மேல்கொமாவே வராது" என்று ஒரேயடியாகச் சொல்லிவிடாதீர்கள். one's, everybody's என்பவற்றில் வரும். தனக்கென்று my, his மாதிரி வேறொரு சொல் வைத்திருக்கிற சொற்களுக்குத்தான் மேல்கொமா இல்லை. whose என்பதும் அந்தக் கூட்டம்தான், who's என்றால் அது who is. இந்த அளவுக்குச் சொன்னால் சாதாரண தரப் பிள்ளைக்குப் போதும்.

கட்டுரைக்குப் புள்ளி போடும்போதும் இதை நினைவில் வைப்போம். ஒரு பிள்ளை ஒரே கட்டுரையில் ஐந்து இடத்தில் it's என்று எழுதியிருந்தால் அது ஐந்து பிழை இல்லை, ஒரே பிழை ஐந்து தடவை வந்திருக்கிறது. ஒரு தடவைதான் குறைக்க வேண்டும்.

அந்தக் கடைத் தம்பிக்கு யாரோ தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். மேல்கொமாவை மட்டும் வெள்ளைப் பெயின்ட்டால் மறைத்திருக்கிறார். ஒரு துளி பெயின்ட் வேலைதான். அவ்வளவு பேர் சிரித்த நேரத்தில் ஒருவர் செய்த இந்த உதவிதான் படிப்பிப்பு. நாளைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையின் கொப்பியில் it's என்று கண்டால், வெட்டுவதற்கு முதல் "இதில அதுட என்று போட்டுப் பாருங்க மகன்" என்று மட்டும் சொல்லுங்கள். மேல்கொமாவை பிள்ளையே அழித்துவிடும்.